பதிவு எண் என்று சொல்லிப் பயிற்சிச் சான்றிதழைத் தந்து 6,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்

முந்தாநாள்தான் ஏமாந்தது தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வீட்டில் பலகாரம் செய்து பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் யாராவது படித்தால் தப்பித்துக்கொள்ளட்டும்.

தட்டையும் ரிப்பன் பக்கோடாவும் செய்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் இல்லாமல் இனி வாங்க மாட்டோம் என்று கடைக்காரர்கள் சொன்னதும், போனில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் தேசியக்கொடி நிறத்தில் பட்டை, மேலே ஒரு சின்னம், நடுவில் விண்ணப்பப் படிவம். அரசுத் தளம் என்றே நினைத்தேன். பெயரும் போன் நம்பரும் போட்ட பத்தாவது நிமிடத்தில் அழைப்பு வந்தது.

பேசிய பெண் அவ்வளவு பொறுமை. ஆதார் படத்தை அனுப்பச் சொல்லி, அதில் இருக்கிற முகவரியை வாசிக்கச் சொன்னார். கதவு எண்ணில் ஒரு சாய்கோட்டை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். "மேடம், படத்துல 14/2ன்னு இருக்கே, தப்பாப் போட்டா ரிஜெக்ட் ஆயிடும்" என்று அவரே திருத்தினார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்கள் ஏமாற்றுவார்களா என்று தோன்றியது. 6,500 ரூபாயை உடனே அனுப்பினேன்.

மறுநாள் ஒரு வீடியோ அனுப்பினார்கள். கை கழுவுவது, தலைக்கு உறை போடுவது, நகம் வெட்டுவது பற்றி ஒரு மணி நேரம். கடைசியில் பத்துக் கேள்விகள். பதிவுக்கு இதுவும் வேண்டுமாக்கும் என்று பதில் போட்டேன். அன்று மாலையே என் பெயர் போட்ட சான்றிதழ் வந்தது, 'உணவுப் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில். கீழே ஒரு எண். அந்த எண்ணை அச்சடித்து 11,000 ரூபாய்க்குக் கவர் போட்டுவிட்டேன்.

முந்தாநாள் ஒரு புதுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு எண்ணினார். "பதினாலு வரணும்க்கா. இதுல பதினொண்ணுதான் இருக்கு." எனக்குக் கை கால் ஓடவில்லை.

அவர்தான் விளக்கினார். எனக்குக் கிடைத்தது வேலை செய்கிறவர் சுகாதாரப் பயிற்சி முடித்தார் என்பதற்கான காகிதம். அது ஆளைப் பற்றியது. பதிவு என்பது தொழிலைப் பற்றியது: இந்த முகவரியில், இந்தப் பொருளை, இன்னார் தயாரிக்கிறார் என்று உணவுப் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டு தருவது. பயிற்சிச் சான்றிதழ் பத்து வைத்திருந்தாலும் பாக்கெட்டில் போட எண் கிடைக்காது. பதிவு எண்ணில் 14 இலக்கம். பதிவு என்றால் முதல் இலக்கம் 2, லைசென்ஸ் என்றால் 1. அடுத்த இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், அதற்கடுத்த இரண்டு ஆண்டை.

உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இதுவும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்தான் மேடம்" என்றார். பதிவு எங்கே என்றால், "அது வேற பேக்கேஜ், இன்னும் 4,000 ஆகும்." பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பயிற்சி முடிச்சுட்டீங்களே, ரீஃபண்ட் கிடையாது." மேலாளர் பேசுவார் என்றார்கள், யாரும் பேசவில்லை. சாயங்காலம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 6,500 போச்சு, கவரோடு சேர்த்து 17,500. ஒரு மாத மாவு, எண்ணெய்க் காசு அது.

நேற்று இரவு நானே foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பித்தேன். 2024 செப்டம்பர் நிலவரப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் லைசென்ஸ் வேண்டாம், பதிவே போதும். புகைப்படம், அடையாளச் சான்று, தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நூறு ரூபாய்! அதற்குத்தான் 6,500 கொடுத்திருக்கிறேன்.

நிதானமாக யோசனை சொல்ல மனம் ஓடவில்லை, இதை மட்டும் செய்யுங்கள். தளத்தின் முகவரி .gov.in என்று முடிகிறதா பாருங்கள். தொழில் வகை கேட்கும்போது விற்பனையாளர் என்று போட்டுவிடாதீர்கள், செய்து பாக்கெட் போடுகிறவர் உற்பத்தியாளர். எண் கைக்கு வந்ததும் அதே தளத்தின் தேடலில் போட்டு உங்கள் பெயரும் முகவரியும் வருகிறதா என்று பாருங்கள், அதற்கு முன் கவர் அச்சடிக்காதீர்கள். பணம் போயிருந்தால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் தாமதமாகத்தான் அழைத்தேன், புகார் பதிவாகியிருக்கிறது. 3,000 கவர் மூலையில் அப்படியே கிடக்கிறது.