கண் போட்டோவா, இறக்கை போட்டோவா? இரண்டு ஹோமர் சேவல்களை வைத்து ஒரு அலசல்

போன ஆவணியில், எங்கே விட்டாலும் கூண்டுக்குத் திரும்பும் ஹோமர் பந்தயப் புறாவில் ஜோடி போட ஒரு சேவல் தேவைப்பட்டது. நான் இருப்பது ஆரம்பாக்கம். நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று வடக்கு ரூட்டில் விடுகிற சென்னைப் பந்தயப் புறாக்கள் இந்தப் பக்கமாகத்தான் வீடு திரும்பும். ஊரில் புறா வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை, விற்பவர்கள்தான் குறைவு. கடைசியில் வாட்ஸ்அப்பில் இரண்டு சேவல்கள் மிஞ்சின: நெல்லூரிலிருந்து இறக்கையில் பட்டை போட்ட ஒரு ப்ளூ பார், சித்தூரிலிருந்து இறக்கையில் புள்ளி போட்ட ஒரு செக்கர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கியது செக்கர். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வளர்ந்த ஹோமரை வாங்கினால் அதைப் பறக்க விட முடியாது. திறந்துவிட்ட அன்றைக்கே பழைய கூண்டைப் பார்த்துப் போய்விடும். அடைத்து வைத்துக் குஞ்சு எடுக்கத்தான் வாங்குகிறோம். அதனால் இன்றைக்கு அது எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்பதைவிட, அதன் உடம்பு எப்படிப்பட்டது என்பதே முக்கியம். போட்டோ அதில் எவ்வளவு சொல்லும்?

நெல்லூர்க்காரர் முதலில் அனுப்பியது கண். திரை முழுக்க ஒரே கண், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து தகதகவென்று. “அண்ணா, இந்தக் கண்ணைப் பாருங்க, வேற எதுவும் கேக்காதீங்க” என்று கூடவே ஒரு வாய்ஸ். கருவிழியைச் சுற்றி இருக்கும் வளையத்தை வைத்துப் பந்தயத் திறமையையும் இனவிருத்தித் திறமையையும் சொல்லிவிடலாம் என்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. அது நிரூபணமான விஷயம் இல்லை. புறாவின் கருவிழி வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, பதற்றத்துக்கும் நொடியில் சுருங்கி விரியும். கையில் இறுக்கிப் பிடித்து, முகத்துக்கு அருகே போனைக் கொண்டுபோய் ஃபிளாஷ் அடித்தால் வளையம் அகலமாகத் தெரியாமல் என்ன செய்யும்? நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் போனுக்கு ஒரு விரல் வேலை.

கண் போட்டோவில் நான் பார்ப்பது கண்ணைச் சுற்றிய தோலை. அது உலர்ந்து வெளுத்து இருக்க வேண்டும். ஈரமாகவோ, ஒரு கண் மட்டும் சற்று வீங்கியோ இருந்தால் சளி நோய் இருக்கலாம். இரண்டு சேவலுக்கும் உலர்ந்தே இருந்தது. கண்ணில் இருவரும் சமம்.

நெஞ்செலும்பு விஷயத்தில் போட்டோவை நம்பவே கூடாது. கீல் என்கிற அந்த எலும்பு எவ்வளவு ஆழம், நேராக ஓடுகிறதா, பின்பக்கத்து இரண்டு எலும்புகளுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, இதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். மார்பு இறகு எல்லாவற்றையும் மூடிவிடும். தீனிப்பை நிறைந்திருந்தால் ஒல்லிப் புறாவும் எடுப்பாகத் தெரியும். இரண்டு பேரிடமும் புறாவைத் திருப்பிப் பிடித்து, மார்பு இறகை வாயால் ஊதி வீடியோ எடுக்கச் சொன்னேன். இறகு பிரியும்போது எலும்பின் கோடு தோலுக்கு அடியில் சில நொடி தெரியும். ப்ளூ பாருக்கு நேர்கோடு. செக்கருக்கு நடுவில் லேசான ஒரு வளைவு. குஞ்சில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும், எலும்பு முற்றுமுன் மெல்லிய கம்பியில் உட்கார வைத்தாலும் இப்படி வளையலாம். இந்த ஒரு இடத்தில் நெல்லூர்ச் சேவல்தான் மேல். லேசான வளைவு பறப்பதைக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்ல என் அனுபவம் போதாது.

சமநிலையைக் கையில் பிடித்த போட்டோவில் பார்ப்பது வீண். வாலைக் கட்டைவிரலால் அமுக்கினால் முன்பக்கம் நிமிரும். அருகில் வைத்து எடுத்தால் தலையும் மார்பும் பெருத்துத் தெரியும். தரையில் தானாக நிற்கும் படம் வேண்டும், புறாவின் உயரத்திலேயே போனை வைத்து எடுத்தது. இறக்கை நுனி தொங்காமல் வால் மேல் படிந்து, வாலின் முனைக்குச் சற்று முன்பே நிற்கிறதா, வால் ஒடுங்கி இருக்கிறதா, இவ்வளவுதான். இரண்டும் தேறின.

மிச்சம் இறக்கை. எனக்கு முடிவு செய்து கொடுத்தது அதுதான். எலும்பையும் தசையையும் மறைக்கிற போட்டோ, இறகை மட்டும் மறைக்காது. நெல்லூர்க்காரர் முதலில் அனுப்பியது பாதி விரித்த இறக்கை, மேலிருந்து எடுத்தது. அது எனக்குப் பயன்படவில்லை. முழுக்க விரித்து, வெயிலுக்கு எதிரே பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் ஊடுருவும்போது ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும்.

புறாவின் இறக்கையில் வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள். இறகு உதிர்காலத்தில் உள்ளிருந்து வெளியே, ஒன்றாவதில் தொடங்கிப் பத்தாவது வரை, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து முளைக்கும். ஒன்று பாதி வளரும்போது அடுத்தது விழும். வளரும் நாட்களில் காய்ச்சலோ பட்டினியோ வந்தால், அன்றைக்கு உருவான இடத்தில் குறுக்காக ஒரு மெல்லிய வெட்டுக்கோடு விழுந்துவிடும். பூச்சி மருந்துகளில் ஃபென்பெண்டசோல் கொடுத்தாலும் வளரும் இறகு கெடும். அடுத்த உதிர்வு வரை அந்தக் கோடு அழியாது. டாக்டர் சீட்டு மாதிரி இறக்கையிலேயே எழுதி வைத்திருக்கும்.

ப்ளூ பாரில் ஐந்து புது இறகு, ஆறாவது பாதி வளர்ந்தது, வெளியே நான்கு பழையது. புதியவற்றில் நான்காவதில் நடுப்பக்கத்தில் ஒரு கோடு. ஐந்தாவதில் அதே கோடு நுனிக்கு அருகே. இறகு நுனியில் தொடங்கித்தான் வெளியே வரும். நான்காவது பாதி வளர்ந்து, ஐந்தாவது அப்போதுதான் தலைகாட்டிய நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரே சம்பவம், இரண்டு இறகில் பதிவு. இது மட்டும் என்றால் விட்டிருப்பேன். கேட்டதற்கு, “குஞ்சுக்கு ஊட்டிட்டிருந்தப்ப உதிர ஆரம்பிச்சிடுச்சு அண்ணா” என்றார். நம்பக்கூடிய காரணம்தான்.

ஆனால் ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கோடு இருந்தது. அவை போன வருட உதிர்வில் முளைத்தவை. பத்தாவதில் ஒன்றுக்கு இரண்டு. அப்படியானால் போன வருடமும் அடி வாங்கியிருக்கிறது, அதுவும் ஒரு தடவை அல்ல. பராமரிப்பு சரியில்லையா, புறாவே நோஞ்சானா என்று இறக்கை பிரித்துச் சொல்லாது. குஞ்சு எடுக்கப் போகிற எனக்கு, இரண்டாவது காரணம் இருக்க வாய்ப்புண்டு என்பதே போதும்.

செக்கரின் இறக்கையில் கோடே இல்லை. பழைய இறகிலும் இல்லை, புதியதிலும் இல்லை. ஒன்பதாவதன் நுனி மட்டும் ஒடிந்திருந்தது. பார்க்க அசிங்கம்தான். சித்தூர்ப் பையன் அதை மறைக்கப் பார்த்து, இரண்டாவது படத்தில் கைவிரலை அங்கே வைத்திருந்தான். ஒடிவது கூண்டுக் கம்பியில் மாட்டியதால் வருவது. அடுத்த உதிர்வில் போய்விடும். மேல் இறகில் மாவு படிந்த மென்மையும் தெரிந்தது, ஆனால் அதை போட்டோவில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கேமராவே அப்படி மழுப்பும்.

வந்த செக்கரைக் கையில் எடுத்ததும் முதலில் விரலை ஓட்டினேன். கீல் வளைவு வீடியோவில் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்துவிட்டு ஜோடி போட்டேன். குஞ்சுகள் இன்னும் பந்தயம் பார்க்கவில்லை, அதனால் அவற்றை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. முதல் ஈட்டுக் குஞ்சுகள் இரண்டின் இறக்கையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கூட்டில் பல இறகுகள் ஒன்றாகச் சேர்ந்து வளர்வதால் குஞ்சுக்குக் கோடு விழுந்தால் பல இறகுகளில் வரிசையாகத் தெரியும். இரண்டிலும் இல்லை. இரண்டுக்கும் நெஞ்செலும்பு நேர்.