உதிர்ந்த முடியை எண்ணுவதா, வகிட்டைப் பார்ப்பதா?

முடி கொட்டுவது இயல்பா, கவலைக்குரியதா என்று வீட்டிலேயே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உதிர்வதை எண்ணுவது. மற்றது, வகிட்டைக் கவனித்து வருவது. ஜூன் மாதம் டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிறகு இரண்டையும் செய்து பார்த்து, வகிட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் தலைமுழுகுகிறவர்களுக்கு, வாரம் முழுக்கக் கழன்று கூந்தலுக்குள் சிக்கிக் கிடந்ததெல்லாம் அன்று ஒன்றாக வரும். அதற்குப் பயந்து முழுகுவதைத் தள்ளிப்போட்டால் அடுத்த சுருள் இன்னும் பெரிதாக இருக்கும்.

வகிடு பொய் சொல்வது குறைவு. மாதம் ஒரு முறை, காய்ந்த தலையில் நடு வகிடு எடுத்து, அதே ஜன்னலடியில் நின்று உச்சந்தலையைப் படம் எடுத்துவைத்தால் போதும். எனக்கு ஓகஸ்ட் கடைசியில் கைநிறையக் கொட்டியது. காய்ச்சலால் ஒரேயடியாக ஓய்வுநிலைக்குப் போகும் முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்தே விழும் என்பதால், அந்தக் கணக்குச் சரியாகப் பொருந்தியது. தலை முழுவதும் அடர்த்தி குறைந்தது. வகிடு மட்டும் அகலவில்லை. டிசம்பரில் நெற்றியோரம் குட்டை முடிகள் எட்டிப்பார்த்தன.

வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவுக்கு நேர்மாறு. சீப்பில் அவருக்கு முடியே அதிகம் வருவதில்லை, அதனால் கவலையும் இல்லை. படங்களை அருகருகே வைத்தபோதுதான் முன்பக்க வகிடு அகன்று வருவது தெரிந்தது. பரம்பரையாக வரும் இந்த வகையில் முடி விழுவதைவிட, முளைப்பது மெலிந்துகொண்டே போவதுதான் பிரச்சினை. எண்ணிக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. இதற்குத் தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் போவது நல்லது. மினொக்சிடில் போன்ற மருந்துகள் இருப்பதைக் காப்பதில்தான் கெட்டி.

குட்டையாக முடி வெட்டும் ஆண்களுக்கு வகிடு எவ்வளவு உதவும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. நெற்றியின் இரு மூலைகளும் உச்சிச் சுழியும் அவர்களுக்கு நல்ல அடையாளங்கள்.

பராமரிப்பு எதைக் காக்கும் என்பதை உதிர்ந்த முடியின் முனையே சொல்லும். ஒரு முனையில் சிறு வெள்ளைப் பொட்டு இருந்தால் அது வேரோடு தானாகக் கழன்றது. சீப்பை மாற்றி அதை நிறுத்த முடியாது. பொட்டில்லாத குட்டைத் துண்டுகள் முறிந்தவை. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பதும், ஈரத்தோடு இறுக்கிக் கட்டாமல் இருப்பதும் இவற்றைக் குறைக்கும். தினமும் இழுத்துப் பின்னும் பின்னல் வேறு கதை: நெற்றியோர முடியை அது வேரோடு இழக்கவைக்கும்.

வட்டவட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் எரிந்து செதில் உதிர்ந்தாலோ படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் கடந்தும் கொட்டினால் இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை வாங்குவது அதற்குப் பிறகு.