தும்மினால் காலில் சுரீர் என்றது. ஆறு வாரம் பிட்டத்தை அமுக்கினார்கள்

அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வலது பிட்டத்தில் தொடங்கிய வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி, ஒரே வாரத்தில் கெண்டைக்காலைத் தாண்டிச் சுண்டுவிரல் வரை போய்விட்டது. விரலில் மதமதப்பு வேறு.

ஓட்டக்காரர்கள் நிறையப் பேர் போகும் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனேன். பிட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள், நான் அலறினேன். "பிரிஃபார்மிஸ் தசை இறுகி நரம்பை நசுக்குது சார்" என்றார்கள். பத்து அமர்வு, பன்னிரண்டாயிரம் ரூபாய், முன்பணமாக. கட்டினேன்.

பிரிஃபார்மிஸ் பிரச்சினை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதுகுத் தண்டில் கோளாறு இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். நரம்பு முதுகுத் தண்டில் நசுங்கினாலும் பிட்டம் தொட்டால் வலிக்கத்தான் செய்யும். இருமும்போதும் தும்மும்போதும் காலில் மின்சாரம் பாய்ந்தது போல இழுக்கிறது என்று முதல் நாளே சொன்னேன். அது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறி. யாரும் காதில் வாங்கவில்லை.

ஆறாவது அமர்வு முடிந்து வீட்டுக்கு வந்தவன், மேல் அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்க எக்கினேன். வலது குதிகால் எழும்பவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எக்கிப் பார்த்தேன். இடது காலில் இருபது முறை சுலபமாக வந்தது, வலதில் மூன்றுக்கு மேல் முடியவில்லை. மையத்தில் ஒரு நாள்கூட இதைச் செய்யச் சொன்னதில்லை.

மறுநாள் முதுகுத்தண்டு மருத்துவர் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணைச் சுத்தியலால் தட்டினார். இடது பாதம் துள்ளியது, வலது அசையவில்லை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் வலது காலைத் தூக்கியதும், பாதி உயரத்திலேயே அதே வலி. எம்ஆர்ஐயில் முதுகின் அடிப்பகுதியில் உள்ள எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி எஸ்1 நரம்பு வேரை அழுத்துவது தெரிந்தது. "வலி மட்டும் என்றால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தானாகவே குறையும். பலம் குறைந்தால் காத்திருக்கக் கூடாது" என்றார். ஓட்டத்தை நிறுத்தி, நடையும் பயிற்சியுமாக, வாரா வாரம் பலத்தைச் சோதித்தார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மூன்று மாதத்தில் குதிகால் பதினைந்து முறை எழும்பியது.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், மலம் கட்டுப்பாடில்லாமல் போனால், பிறப்புறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் உணர்ச்சி மரத்தால், இரண்டு காலும் தளர்ந்தால், அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மீதி நாலு அமர்வுக்குப் பணம் கேட்டேன். "ரீஃபண்ட் கிடையாது சார், வேணும்னா தோள்பட்டைக்கு மாத்திக்கலாம்" என்றார்கள். என் தோள்பட்டைக்கு ஒன்றும் இல்லை.