ஓடையில எவ்ளோ தண்ணி போகுதுன்னு அளக்க எதை மிதக்க விடலாம்? தெர்மாகோல் பந்தா, ஆரஞ்சா, பாட்டிலா?

கணக்கு என்னவோ சிம்பிள்தான். ஓடையோட குறுக்குவெட்டுப் பரப்பு, அதை தண்ணியோட வேகத்தால பெருக்கினா ஒரு செகண்டுக்கு எவ்ளோ தண்ணி போகுதுன்னு வந்துடும். ஆனா வேகத்துக்கு எதை மிதக்க விடுறீங்கங்கறதுலதான் பாதி பிரச்சனை இருக்கு, அதான் மூணையும் ஒரே ஓடையில போட்டா என்ன ஆகும்னு பாப்போம்.

2 மீட்டர் அகலம், அடியில கல்லு, நேரா போற 10 மீட்டர் நீளம்னு வச்சுக்கோங்க. அரை மீட்டருக்கு ஒரு தடவை ஆழம் பார்த்தா 20, 32, 24 சென்டிமீட்டர், ரெண்டு கரையிலயும் ஜீரோ. கூட்டினா 0.76 மீட்டர், அதை 0.5-ஆல பெருக்கினா 0.38 சதுர மீட்டர். இது 10 மீட்டர் ஆரம்பிக்கிற கோட்டுல, முடியற கோட்டுலயும் இதே மாதிரி அளந்து 0.34 வருதுன்னா சராசரி 0.36.

முதல்ல தெர்மாகோல் பந்து. ஈசியா கண்ணுக்குத் தெரியும், எங்கயும் மாட்டாது, ஆனா பந்துல பெரும்பகுதி தண்ணிக்கு மேலதான் இருக்கும், அதனால காத்து அடிச்சா அது பாய்மரம் மாதிரி ஆயிடும். பின்னாலருந்து காத்து வந்தா சராசரியா செகண்டுக்கு 0.5 மீட்டர்னு காட்டலாம், எதிர்க்காத்துன்னா குறைச்சுக் காட்டும், எது நிஜம்னு அதை மட்டும் வச்சு உங்களால சொல்லவே முடியாது. சந்தேகமா இருந்தா ஆரஞ்சையும் பந்தையும் பக்கத்து பக்கத்துல ஒண்ணா விடுங்க, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிட்டே போனா காத்தோட வேலைதான்.

ஆரஞ்சு தோலோட போட்டா முக்காவாசிக்கு மேல முங்கித்தான் மிதக்கும், காத்துக்கு புடிமானமே இருக்காது, கலரும் பளிச்சுன்னு இருக்கும். 10 மீட்டரைத் தாண்ட இடது பக்கம் 28 செகண்ட், நடுவுல 20, வலது பக்கம் 29 வருதுன்னா வேகம் 0.36, 0.5, 0.34, சராசரி 0.4. ஆனா இது மேல்மட்ட வேகம். அடியில கல்லு உரசுறதால கீழ தண்ணி மெதுவாதான் போகும், அதனால ஒரு திருத்த எண்ணால பெருக்கணும். அடி வழவழப்பா, கொஞ்சம் ஆழமா இருந்தா 0.85 சொல்லுவாங்க, கல்லு நிறைஞ்ச ஆழமில்லாத ஓடைக்கு இன்னும் குறைச்சு எடுக்கணும். இங்க 0.75 போடுவோம்: 0.36 × 0.4 × 0.75 = 0.108 கன மீட்டர், அதாவது செகண்டுக்கு 108 லிட்டர். அதே கணக்குல தெர்மாகோலோட 0.5-ஐ போட்டா 135 லிட்டர், காத்து சும்மா 27 லிட்டர் தண்ணிய "உருவாக்கிடுச்சு".

மூணாவது, அரை லிட்டர் பாட்டில், முக்காவாசி முங்கி நேரா நிக்கிற அளவுக்கு அடியில மணல் போட்டு. இது மேல்மட்டத்தை மட்டும் பாக்காம ஒரு 15 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள போற தண்ணியோட சேர்ந்து போகும், தியரியில இதுதான் பெஸ்ட். ஆனா ரெண்டு இடத்துல மாட்டிப்பீங்க. ஒண்ணு, கரையோரம் ஆழம் குறைவு, அடியில இடிச்சு நிக்கும், அப்போ நடுவுல மட்டும்தான் விடமுடியும், நடுவுலதான் வேகம் அதிகம்ங்கறதால மொத்த ஓடைக்கும் அதையே எடுத்தா கணக்கு ஏறிடும். நடுவுல பாட்டில் 0.45 காட்டி, 0.9 திருத்தம் போட்டா 146 லிட்டர் வருது பாருங்க. ரெண்டு, ஆரஞ்சுக்குப் போட்ட 0.75-ஐ இதுக்கும் போடக்கூடாது, பாட்டில் ஏற்கனவே கீழ்த்தண்ணியோட மெதுவையும் சேர்த்துதான் காட்டுது, ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை கழிச்ச மாதிரி ஆயிடும்.

என் ஓட்டு ஆரஞ்சுக்குத்தான், ஓடை எல்லா இடத்துலயும் முழங்கால் அளவுக்கு மேல இருந்தா மட்டும் பாட்டில். தெர்மாகோல் காத்தே இல்லாத நேரத்துக்கு ஓகே. எதை விட்டாலும் ஆரம்பக் கோட்டுக்கு ஒண்ணு ரெண்டு மீட்டர் மேலயே விடுங்க, கோட்டைத் தாண்டறதுக்குள்ள தண்ணி வேகத்தைப் புடிச்சுக்கும். 10 மீட்டர் எதுக்குன்னா, ஸ்டாப்வாட்ச்ல ஒரு செகண்ட் தப்பினா 25 செகண்டுல 4 சதவீதம்தான், 3 மீட்டர்ல அளந்தா அதே ஒரு செகண்ட் 13 சதவீதம்.

ஆனா மிதவையை மாத்தி மாத்திப் பாத்துட்டு ஆழத்தை ஏனோதானோன்னு அளக்கறவங்கதான் ஜாஸ்தி. இந்த ஓடையோட சராசரி ஆழம் 18 சென்டிமீட்டர், அளவுகோல் கல்லு இடுக்குல 2 சென்டிமீட்டர் இறங்கிட்டா அங்கயே 11 சதவீதம் கூடிடுச்சு. கரையோரம் தண்ணி நகராம நிக்குதா, இல்ல பின்பக்கமா சுத்துதா, அந்தப் பகுதியோட பரப்பை விட்டுட்டுக் கணக்கு பண்ணுங்க, அங்க ஆழம் இருந்தாலும் தண்ணி போகல. எல்லாம் சரியா பண்ணினாலும் 108-ன்னு வந்தா 90-லருந்து 125-க்குள்ளன்னு எடுத்துக்கறதுதான் நியாயம்.