மேல்மாடிக் குளியலறை வோட்டர்புரூஃபிங்: சில மாரிகள் கழிந்த பின்

உப்புவெளியில் எங்கள் வீட்டு மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழேதான் சமையலறை. அந்தக் கூரையில் இன்றுவரை ஈரத் திட்டு விழவில்லை. மார்கழியில் மழை விடாமல் அடித்து சுவரெல்லாம் குளிர்ந்து கிடக்கும் நாட்களிலும் இல்லை. நாங்கள் பயன்படுத்தியது தூளும் திரவமும் தனித்தனியாக வரும், கலந்து தூரிகையால் பூசும் சீமெந்து வகை. இந்த வகையில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டத்தான். வேலையின் பலன் தெரிவது சுவரோரத்தில்.

அறை 6 அடிக்கு 8 அடி, தரை 48 சதுர அடி. சுவரில் சுற்றிவர ஒரு அடி உயரம் ஏற்றினோம். வாசலைக் கழித்தால் அது 25 சதுர அடி. ஷவர் மூலையில் இரண்டு சுவரிலும் மூன்று மூன்று அடி அகலத்துக்கு, ஆறடி உயரம் வரை. அது மேலதிகமாக 30. மொத்தம் ஏறக்குறைய 103 சதுர அடி, அதாவது 9.6 சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு 1.5 முதல் 2 கிலோ போகும். 20 கிலோ செட் ஒன்று போதுமாக இருந்தது. தரையை மட்டும் கணக்கெடுத்து வாங்கினால் பாதியில் முடிந்துவிடும், அப்புறம் பூச்சை இழுத்து மெல்லிசாக்குவார்கள்.

ஷவர் சுவரில் ஏன் ஆறடி? பக்கத்துத் தெருவில் உறவினர் வீட்டில் எல்லாப் பக்கமும் நாலு அங்குலத்தோடு நிறுத்தியிருந்தார்கள். தரை ஒழுகவில்லை. ஆனால் ஷவருக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்ந்தது. டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரை முழுசாக மறிக்காது. தினமும் தண்ணீர் படும் சுவரில் அது உள்ளே போகத்தான் செய்யும்.

தரையும் சுவரும் சேரும் மூலையை எங்கள் மேசன் அண்ணன் முதலில் சாந்தால் சரிவாக வளைத்து, காய்ந்தபின் முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி நார் வலைப் பட்டியை அதில் அழுத்தினார். வடிகால் வாயைச் சுற்றியும் அப்படியே. கட்டிடம் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் வெடிப்பது அந்த மூலைதான். வாட்டம் முழுவதும் பூச்சுக்குக் கீழே இருக்கும் சாந்திலேயே எடுக்கப்பட்டது. டைல் பதிக்கும்போது வாட்டம் எடுத்தால் டைலுக்கு அடியில் இறங்கும் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடும்.

பூச்சு நன்றாக இறுகியபின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். கச்சான் காற்று அடிக்கும் காலம் என்பதால் தண்ணீர் தானாகவே வற்றும். அதனால் அதே அறையில் ஒரு அகலமான பேசினில் தண்ணீர் வைத்து, இரண்டிலும் கோடு போட்டார் அண்ணன். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது காற்றின் வேலை. தரைத் தண்ணீர் மட்டும் கூட இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இதைச் செய்யாமல் டைல் பதிக்க விடாதீர்கள்.

அடுத்தது டைல் பசை. 25 கிலோ பையில் 60 சதுர அடிக்குப் போதும் என்று போட்டிருந்தது. அது பொய் இல்லை, 3 மில்லிமீற்றர் கனத்துக்கான கணக்கு. சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1.5 கிலோ போகும். பல் வைத்த கரண்டியில் பல்லின் உயரத்தில் பாதிதான் பசையின் கனமாக நிற்கும். 6 மில்லிமீற்றர் பல் என்றால் அந்த 3. நாங்கள் தரையில் 10 மில்லிமீற்றர் பல் பிடித்து, டைலின் முதுகிலும் மெல்லிசாகத் தடவினோம். கனம் ஏறக்குறைய 6 ஆனது, பை ஒன்று 30 சதுர அடிக்குத்தான் வந்தது. ஏழடி உயரச் சுவர் 178 சதுர அடி, அங்கே கனம் 4, பை ஒன்றுக்கு 45. பையில் உள்ளபடி பார்த்தால் முழு அறைக்கும் நாலு பை. எங்களுக்குப் போனது ஆறு.

அந்த இரண்டு பையை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் டைலின் நடுவிலும் நாலு மூலையிலும் மட்டும் உருண்டை வைத்துப் பதிப்பார்கள். இடையில் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தேங்கி, கிரவுட் கறுத்து, வெள்ளை உப்புக் கசியும். குளியலறையில் டைலின் முதுகு முழுவதும் பசை பிடித்திருக்க வேண்டும். பதித்த உடனே இடைக்கிடை ஒரு டைலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கச்சானில் விரித்த பசை வேகமாக மேலே ஆடை கட்டும். விரலால் தொட்டுப் பார்த்து ஒட்டாவிட்டால் வழித்தெடுத்துப் புதிதாக விரிக்கச் சொல்லுங்கள், மேலே தண்ணீர் தெளிப்பதை அனுமதிக்க வேண்டாம்.

வெறும் சீமெந்துக் குழம்பு இந்தப் பூச்சில் சரியாகப் பிடிக்காது, பொலிமர் கலந்த பசைதான் வேண்டும். இன்றும் தரையில் நாணயத்தால் தட்டினால் எங்கும் வெற்றொலி கேட்கவில்லை. ஷவர் மூலையில் மட்டும் கிரவுட் கீறிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்து சிலிக்கன் நிரப்பினோம், பூச்சில் கத்தி படாமல்.