பஸ் டிராக்கருக்கு எது சரி: போலிங்கா, வெப்சாக்கெட்டா?

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி போகும் அலுவலக பஸ்களுக்கு டிராக்கர் செய்யும்போது எங்கள் குழுவில் எழுந்த கேள்வி இது. லைவ் லொகேஷன் என்றாலே, இணைப்பைத் திறந்தே வைத்துச் சர்வரே புது இடத்தைத் தள்ளும் வெப்சாக்கெட்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் போலிங் பக்கம் நின்றேன், அதையே தேர்ந்தெடுத்தோம். அதாவது, பார்ப்பவரின் ஆப் பத்து நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் போய் ‘பஸ் எங்கே?’ என்று கேட்டுக்கொள்ளும்.

ஏன் பத்து நொடி? மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடும் பஸ், நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். பத்து நொடியில் சுமார் 83 மீட்டர். ஸ்டாப்பில் நிற்பவருக்கு இது போதும். காலை நெரிசலில் வண்டி 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் பத்து நொடிக்கு 14 மீட்டர்தான். மேம்பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜி.பி.எஸ். பிழையே அதைவிடப் பெரிதாகிவிடும். அங்கே நொடிக்கொரு முறை அனுப்பினால், நிற்கிற பஸ் வரைபடத்தில் குதித்துக்கொண்டே இருக்கும். டிரைவர் போனின் பேட்டரியும் கரையும்.

சர்வர் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பஸ்கள், ஒவ்வொன்றையும் 50 பேர் பார்க்கிறார்கள், ஆக 2,000 பேர். ஒவ்வொரு பஸ்ஸும் பத்து நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அனுப்பினால், பஸ்களிலிருந்து நொடிக்கு 4 பதிவுகள் வரும். வெப்சாக்கெட்டில் ஒவ்வொரு பதிவையும் 50 பேருக்குத் தள்ள வேண்டும், நொடிக்கு 200 செய்திகள். போலிங்கிலும் நொடிக்கு அதே 200 கேள்விகள்தான். ஆனால் ஒரே பஸ்ஸைக் கேட்கும் ஐம்பது பேருக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் அதைச் சர்வர் ஆப்புக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் 5 நொடி கேஷ் செய்துவிடலாம்:

```nginx
location /bus/ {
    proxy_pass http://127.0.0.1:8080;
    proxy_cache bus;
    proxy_cache_valid 200 5s;
    proxy_cache_lock on;
    proxy_cache_use_stale updating;
}
```

(`bus` என்ற கேஷை `proxy_cache_path` வரியில் முன்பே அறிவித்திருக்க வேண்டும்.) 40 பஸ்களுக்கு 5 நொடிக்கு ஒருமுறை என்றால், பின்னால் இருக்கும் சர்வர் ஆப்புக்கு நொடிக்கு 8 கேள்விகளுக்கு மேல் போகாது. பார்ப்பவர்கள் இருமடங்கானாலும் அந்த எட்டு எட்டுதான். இதற்கு விலை, இடம் இன்னும் சுமார் ஐந்து நொடிவரை பழையதாக இருக்கலாம் என்பது.

இரண்டாயிரம் இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பது இன்றைய சர்வருக்குப் பெரிய வேலையில்லை. அவற்றைப் பராமரிப்பதுதான் வேலை, என் முடிவும் அதை வைத்துத்தான். புது வெர்ஷன் போட சர்வர் ஆப்பை ரீஸ்டார்ட் செய்தால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் அறுந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு போனும் வெவ்வேறு இடைவெளி விட்டு இணையும்படி போன் ஆப்பில் எழுத வேண்டும். என்ஜின்எக்ஸின் `proxy_read_timeout` இயல்பாக 60 நொடி. ஏதாவது காரணத்தால் பஸ் பதிவு அனுப்பாமல் அதுவரை அமைதி நிலவினால் இணைப்பைத் துண்டித்துவிடும், ஆகவே இடையிடையே பிங் என்ற சிறு செய்தி அனுப்ப வேண்டும். இரண்டாவது சர்வர் வைத்தால், முதல் சர்வருக்கு வந்த பதிவு இரண்டாவதில் இணைந்திருப்பவருக்கும் போய்ச் சேர நடுவில் ரெடிஸ் பப்-சப் போன்ற ஒன்று வேண்டும்.

இவற்றைவிட மோசமானது, செத்துப்போன இணைப்பு உயிரோடு இருப்பதுபோல் தெரிவது. பார்ப்பவரின் சிக்னல் போனால் இணைப்பு அறுந்தது என்ற தகவல் இரு பக்கமும் உடனே தெரியாது. திரையில் பஸ் மேடவாக்கத்திலேயே நிற்கும், உண்மையில் அது பெரும்பாக்கத்தைத் தாண்டியிருக்கும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் தானாக வெப்சாக்கெட் பிங் அனுப்ப வழியில்லை. செயலி மட்டத்தில் தனி ஹார்ட்பீட் எழுத வேண்டும். போலிங்கில் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி. பதில் வரவில்லையென்றால் டைம்-அவுட்டில் தெரிந்துவிடும், அடுத்த கேள்வி தானாகவே புது முயற்சி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இடத்தோடு, ஜி.பி.எஸ். அந்த இடத்தைக் குறித்த நேரத்தையும் அனுப்புங்கள்; சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் உதவாது. டிரைவர் போனில் சிக்னல் போய்த் திரும்பும்போது தேங்கிய பழைய பதிவுகள் மொத்தமாக வரும். கையில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே கடைசி இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பஸ் பின்னோக்கி ஓடும். திரையில் ‘40 நொடிக்கு முன்’ என்று எழுதிவிட்டால், காத்திருப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.

டெலிவரிக்கு இதே முடிவைச் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு வண்டியை ஒருவர்தான் பார்க்கிறார், கேஷுக்கு வேலையே இல்லை. கடைசி அரை கிலோமீட்டரில் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை இடம் தெரிந்தால்தான் வாசலுக்கு இறங்கி வரலாம். அதே இணைப்பில் சாட்டும் ஆர்டர் நிலவரமும் போகும் என்றால் வெப்சாக்கெட் நியாயமாகவே படுகிறது. ஆனால் நான் ஓட்டிப் பார்த்தது பஸ் டிராக்கரைத்தான். டெலிவரி பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.