12 வருடத்தில் டபுள் என்றார்கள். 72-ஐ வகுத்துப் பார்க்காமல் ஒன்றரை லட்சம் விட்டேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். நேற்று மதியம்தான் கடைசிப் பதில் வந்தது. என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்தது.

பணம் என் மனைவியுடையது. அவள் அம்மா வீட்டு நிலத்தில் அவள் பங்கை விற்று வந்த 5 லட்சம். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற தனியார் வங்கிக் கிளை ஒன்றில் 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி. போட்டிருந்தோம். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போக இன்னும் 12 வருடம், அதுவரை இந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று பேச்சு.

அந்த எஃப்.டி. முதிர்ந்த அன்று புதுப்பிக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பையன், "மேடத்தைப் பார்த்துட்டுப் போங்க சார்" என்று கண்ணாடி அறைக்கு அனுப்பினான். அங்கே ஒரு பெண் அதிகாரி. தண்ணீர் கொடுத்து, மகள் எந்தப் பள்ளி என்று விசாரித்து, தன் பையனும் அதே வயதுதான் என்று சொன்னார். அப்புறம் ஒரு துண்டுச்சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

5 லட்சம். 12 வருடம். 10 லட்சம். உறுதி.

"ஒரே தடவை கட்டினா போதும் சார். 12 வருஷத்துல டபுள். லாபம் நூறு சதவீதம். நூறை 12-ஆல வகுங்க, வருஷத்துக்கு 8.33. உங்க எஃப்.டி. வெறும் 7. கூடவே இன்சூரன்ஸ் கவரும் ஃப்ரீ." சொல்லிவிட்டு அந்த 8.33-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

நானும் என் கைபேசியில் நூறை 12-ஆல் வகுத்துப் பார்த்தேன். 8.33 என்றுதான் வந்தது. அந்த நிமிடத்தில்தான் நம்பினேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவர் சொன்னதைச் சரிபார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். மனைவி மட்டும், "எதுக்குங்க, பழசுலயே போட்டுடலாமே" என்றாள். "ஒன்றேகால் சதவீதம் கூட வருது, சும்மா இரு" என்று சொன்னது நான். கையெழுத்துப் போட்டது அவள்.

மறுநாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடச் சொல்லி அந்த அம்மாவே முன்கூட்டிப் போன் செய்தார். சொன்னபடி சொன்னோம். பாலிசி ஆவணம் மெயிலில் வந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மாமா வந்தார். என் அம்மாவின் தம்பி, தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். பெருமையாகச் சீட்டைக் காட்டினேன். அவர் 8.33-ஐப் பார்க்கவே இல்லை. "எத்தனை வருஷத்துல ரெட்டிக்குதுன்னு சொன்னான்?" என்றார். 12 என்றேன்.

"72-ஐ 12-ஆல வகு மாப்ள."

"6."

"அப்ப வட்டி 6. ஏழை விட்டுட்டு ஆறுக்குப் போயிருக்க."

நான் ஒப்புக்கொள்ளவில்லை, 8.33 என்று வாதாடினேன். அவர் பொறுமையாகச் சொன்னது இதுதான். எஃப்.டி.யில் வட்டி அசலோடு சேர்ந்து, அடுத்த காலத்தில் அந்த வட்டிக்கும் வட்டி வருகிறது. அப்படி வட்டி குட்டி போடும் பணம் எத்தனை வருடத்தில் இரண்டு மடங்காகும் என்று தெரிய, 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுக்க வேண்டும். வருடம் தெரிந்து வட்டி தெரிய வேண்டுமானால், 72-ஐ வருடத்தால் வகுக்க வேண்டும். நூறை வகுப்பது வட்டிக்கு வட்டி இல்லாத தனிவட்டிக் கணக்கு. அந்த அம்மா 12 வருடத்து மொத்த லாபத்தையும் தனிவட்டி போலப் பங்கு பிரித்து, அதைக் கூட்டுவட்டியில் ஓடுகிற என் எஃப்.டி.யின் 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒன்றை முழத்தாலும் இன்னொன்றை சாணாலும் அளந்து எது நீளம் என்று கேட்டதுபோல.

உண்மையிலேயே கூட்டுவட்டியில் 8.33 கிடைத்திருந்தால்? 72-ஐ 8.33-ஆல் வகுத்தால் சுமார் 8.6. அதாவது எட்டரை வருடம் தாண்டியதுமே 10 லட்சம் ஆகியிருக்க வேண்டும், 12 வருடத்தில் 13 லட்சம் ஆகியிருக்க வேண்டும். அந்தச் சீட்டில் இருந்த இரண்டு எண்களே ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. அது என் கண் முன்னால் மூன்று மாதம் பீரோவில் கிடந்தது.

பழைய எஃப்.டி.க்கும் போட்டுப் பார்த்தோம். 72-ஐ 7-ஆல் வகுத்தால் 10.3 வருடத்தில் இரட்டிப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி சேர்ந்து, அதே 7 சதவீதம் நீடித்தால் 12 வருடத்தில் சுமார் பதினொன்றரை லட்சம். இங்கே வரப்போவது 10 லட்சம். ஒன்றரை லட்சம் போச்சு. மாமா இருந்த அதே தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரம் விற்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அதற்கு 7.5 சதவீதம், 115 மாதத்தில் இரட்டிப்பு. 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருடம், அதாவது 115 மாதம். 1988-இல் அந்தப் பத்திரம் வந்த புதிதில் ஐந்தரை வருடத்திலேயே இரட்டித்ததாம். கவுண்டரில் வருகிறவர்கள் யாரும் வட்டி கேட்க மாட்டார்களாம், எப்போது ரெட்டிக்கும் என்றுதான் கேட்பார்களாம். அதனால் அவருக்கு இந்த வகுத்தல் கைப்பழக்கம்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார், அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. விலைவாசிக்கும் இதே 72தான். ரிசர்வ் வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6. விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாமே இரண்டு மடங்கு விலை. பணமும் 12 வருடத்தில் இரண்டு மடங்கு. அப்படியானால் 12 வருடம் பூட்டி வைத்தும் அந்தப் பத்து லட்சம் இன்றைய ஐந்து லட்சம்தான். மகள் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு 40,000 வாங்கினார்கள், யு.கே.ஜி.க்கு 44,000, இப்போது ஒன்றாம் வகுப்புக்கு 48,400. வருடம் 10 சதவீதம். 72-ஐ 10-ஆல் வகுத்தால் ஏழு வருடத்தில் கட்டணம் இரட்டிப்பு. கல்லூரியும் அப்படியே ஏறினால், பணம் ஒரு முறை இரட்டிப்பதற்குள் கட்டணம் மூன்று மடங்கைத் தாண்டியிருக்கும்.

சரி, மறுநாளே கிளைக்குப் போனேன். அந்த மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாராம். மேலாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்க சீல் இல்லையே சார்" என்றார். அவர் ஆள் எழுதியதுதானே என்றால், "நாங்க விற்பனை முகவர் மட்டும்தான், பாலிசி கம்பெனியுடையது, அங்க கேளுங்க" என்றார். இலவச எண்ணில் அரை மணி நேரம் பாட்டு கேட்டேன். அப்புறம் எடுத்தவர், என் மனைவி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன ஒலிப்பதிவு இருப்பதாகச் சொன்னார். பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதியிருந்தால் பணத்தைத் திருப்பியிருப்பார்களாம், அது முடிந்துவிட்டதாம். யாருமே அதைச் சொல்லவில்லையே என்றேன். "ஆவணத்திலேயே இருக்கு சார்." இருக்கிறதுதான். வருடவாரிப் பலன் அட்டவணையும் இருக்கிறது, அதில் மனைவி கையெழுத்தும் இருக்கிறது, 8.33 மட்டும் எங்குமே இல்லை. அது துண்டுச்சீட்டில் மட்டும்தான்.

இப்போதே சரண்டர் செய்தால் எவ்வளவு என்று கேட்டதற்கு 4,10,000 என்று நேற்று பதில் அனுப்பினார்கள். வைத்திருந்தால் ஒன்றரை லட்சம் நஷ்டம், எடுத்தால் 90,000 நஷ்டம். வரியும் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள், அதையும் இப்போதுதான் படித்தேன். காப்பீட்டுத் தொகை கட்டிய பிரீமியத்தைப் போல 10 மடங்காவது இருந்தால்தான் முதிர்வுத் தொகைக்கு அந்த விலக்கு. எங்களுக்குக் கொடுத்த கவர் 6,25,000, ஒன்றேகால் மடங்கு. அந்த ஃப்ரீ கவரின் லட்சணமும் இதுதான்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று சொல்வதாக ஆரம்பித்தேன், இப்போது நீட்டி எழுதப் பொறுமை இல்லை. ஒரே தடவை கட்டி இத்தனை வருடத்தில் டபுள் என்று யார் சொன்னாலும் 72-ஐ அந்த வருடத்தால் வகுங்கள், அவர்கள் சொல்லும் சதவீதத்தைக் காதில் வாங்காதீர்கள். ஊரில் 2 ரூபாய் வட்டி, 3 ரூபாய் வட்டி என்று மாதக் கணக்கு சொன்னால் விடை மாதத்தில் வரும். 2 ரூபாய் வட்டிக் கடனைக் கட்டாமல் விட்டு வட்டிக்கும் வட்டி ஏறினால் 36 மாதத்தில் இரண்டு மடங்கு. 20 சதவீதத்துக்கு மேல் போனால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். ஆனால் அவ்வளவு வட்டி தருகிறேன் என்பவனிடம் கணக்குப் போடவே உட்காராதீர்கள். வருடா வருடம் கட்டுகிற பாலிசிக்கு நேராக இப்படி வகுக்காதீர்கள், ஒவ்வொரு தவணையும் வேறு வேறு காலம் உள்ளே இருக்கும், விடை தப்பாக வரும். மெயிலைத் திறந்து பாருங்கள், அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும். சரிபார்ப்பு அழைப்பில் தெரியாததற்கு ஆமாம் சொல்லாதீர்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன், சீட்டின் படத்தோடு. ஒரு மாதத்தில் ஒழுங்கான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. அந்தத் துண்டுச்சீட்டை மாமா பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் தர மறுக்கிறார்.